மச்சான் கட்டித் தரும் தொட்டி

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம் வீடு. பிப்ரவரி முதல் மே வரை கிணறு வற்றிவிடும். மாதம் நான்கு டேங்கர், ஒவ்வொன்றும் 6,000 லிட்டர், ஆயிரம் ரூபாய். 50,000 லிட்டர் மழைநீர்த் தொட்டி கட்ட 3 லட்சம், மாடித் தண்ணீரை வடிகட்டிக் கிணற்றுக்குள் விடும் குழி தனியாக 18,000 என்கிறார் காண்ட்ராக்டரான மச்சான். நகையை அடகு வைத்து வருஷா வருஷம் வட்டி மட்டும் கட்டிப் புதுப்பித்தால் போதுமாம். டேங்கர் செலவு மிச்சமாகுமா?

பதில்: மச்சான் தொட்டியின் கொள்ளளவைச் சொன்னார், அது எத்தனை முறை நிரம்பும் என்று சொன்னாரா? உங்கள் ஊரில் மழை ஜூனிலிருந்து நவம்பர் வரை. டேங்கர் வருவதோ பிப்ரவரிக்குப் பிறகு. நவம்பரில் நிரம்பிய தொட்டியை டிசம்பர், ஜனவரியில் தொடாமல் பூட்டி வைத்தால்தான் கோடையில் 50,000 லிட்டர் கிடைக்கும். அதாவது எட்டு டேங்கர், 8,000 ரூபாய். கோடை மழையையும் சேர்ப்போம். ஆயிரம் சதுர அடி மாடியில் 30 மி.மீ. மழை பெய்தால், தெறித்தது, உறிஞ்சியது போக, சுமார் 2,200 லிட்டர். அப்படி மூன்று மழை வந்தால் இன்னொரு டேங்கர். ஆக 9,000 ரூபாய்.

வட்டி பத்து சதவீதம் என்றே வைத்தாலும் 3 லட்சத்துக்கு வருஷம் 30,000. உங்கள் மொத்த டேங்கர் செலவே 16,000தான்! அசல் அப்படியே நிற்கும், நகையும் வீட்டுக்கு வராது. 'வட்டி மட்டும் கட்டினால் போதும்' என்ற அந்தப் பழக்கத்தைத்தான் முதலில் விட வேண்டும். சின்னத் தொட்டியானாலும் இதே கதைதான்: 10,000 லிட்டருக்கு 60,000 செலவழித்து கோடை மழையைச் சேர்த்தாலும் மூன்று டேங்கர்கூட மிச்சமாகாது. டேங்கரே கிடைக்காத ஊர் என்றால் வேறு பேச்சு.

குழி அப்படியல்ல. மாடித் தண்ணீரைக் குழாய் வழியாக ஜல்லி, மணல், கரி போட்ட குழியில் வடிகட்டி, கிணற்றுக்குள் விடுவது. திருச்சூர் மாவட்டத்தில் 2008-ல் தொடங்கிய 'மழப்பொலிமா' திட்டம் செய்ததும் இதைத்தான். முதல் மழையின் அழுக்குத் தண்ணீர் வெளியே போக ஒரு வால்வு கட்டாயம். ஸ்டீல் பெட்டியில் வரும் 'ஸ்மார்ட்' ஃபில்டருக்குக் காசைக் கொட்டாதீர்கள், மணலைக் கழுவிப் போட ஆள் இருந்தால் போதும். கிணறு ஒரு மாதம் கூடுதலாகத் தாங்கினாலே வருஷம் 4,000 மிச்சம். நாலரை வருஷத்தில் போட்ட காசு திரும்பிவிடும்.

ஆனால் தண்ணீர் கிணற்றில் தங்குமா? மழை நின்றதும் மட்டம் மளமளவென்று இறங்கினால், விட்ட தண்ணீர் பக்கவாட்டில் கசிந்து ஊர்க்கிணறுகளுக்குப் போகிறது என்று அர்த்தம். அப்போது ஜூன் மழை உங்களுக்கு உதவாது, அக்டோபர், நவம்பர் மழையை மட்டும்தான் நம்பலாம். இந்த டிசம்பர் முதல் தேதியன்று கயிற்றில் முடிச்சுப் போட்டு மட்டத்தை அளந்து வையுங்கள், ஜனவரி முதல் தேதி மறுபடி அளந்து பாருங்கள். மளமளவென்று இறங்கவில்லை என்றால் குழி வேலையை மச்சானிடமே கொடுங்கள். கூலியைக் கையிருப்பிலிருந்து கொடுங்கள், நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.