அலுமினியக் கூரைக்கு எந்தக் கிளிப்?

கேள்வி: தில்லி பவானாவில் எங்கள் பட்டறைக்கு ஸ்டாண்டிங் சீம் அலுமினியக் கூரை போடப் போகிறோம். முகட்டிலிருந்து இறவாணம்வரை 15 மீட்டருக்கு ஒரே தகடு, சரிவு 5 டிகிரி. ஒருவர் ஸ்னாப்-லாக், ஃபிக்சட் கிளிப் என்று குறைந்த விலை சொல்கிறார். இன்னொருவர் டபுள் லாக், ஸ்லைடிங் கிளிப் என்கிறார், விலை கூடுதல். எதை எடுக்கலாம்?
– வாசகர், மயூர் விஹார்

பதில்: இரண்டாவதைத்தான். ஸ்டாண்டிங் சீமில் அடுத்தடுத்த தகடுகளின் ஓரங்கள் மேலே நிமிர்ந்து ஒன்றோடொன்று இணையும். ஸ்னாப்-லாக் அழுத்தினால் மாட்டிக்கொள்ளும் மூட்டு. பொதுவாக 14 டிகிரி சரிவாவது வேண்டும். 5 டிகிரியில் மழைநீர் மெதுவாக வடியும், மூட்டுவரை ஏறி நின்றால் உள்ளே கசியும். மெஷின் வைத்து இரண்டு முறை மடிக்கும் டபுள் லாக்தான் இந்தச் சரிவைத் தாங்கும்.

தகட்டைக் கூரைச் சட்டத்தோடு பிடித்துவைக்கும் கிளிப் விஷயம் இதைவிட முக்கியம். தில்லியில் ஜனவரி விடியலில் தகடு 5 டிகிரி வரை குளிரும், ஜூன் வெயிலில் 75 வரை ஏறலாம். அலுமினியம் மீட்டருக்கு, டிகிரிக்கு 0.024 மி.மீ. நீளும். 15 மீட்டருக்கு 70 டிகிரி வித்தியாசம் என்றால் சுமார் 25 மி.மீ. இரும்புத் தகடானால் இதில் பாதிதான். எல்லா இடத்திலும் இறுக்கிப் பிடித்தால் இந்த நீளம் போக இடமில்லாமல் தகடு அலையலையாய் உப்பும், காலையும் மாலையும் டக் டக்கென்று சத்தம் வரும், கிளிப்பின் ஸ்க்ரூ நாளடைவில் தளரும்.

ஆகவே முகட்டில் மட்டும் தகட்டை அசையவிடாத ஃபிக்சட், மற்றதெல்லாம் நகரவிடும் ஸ்லைடிங். தகடு இறவாணம் பக்கம் நீளட்டும். அங்கே ஸ்க்ரூ போடக் கூடாது.

பலர் தவறுவது ஸ்லைடிங் கிளிப்பில் தகட்டோடு சேர்ந்து நகரும் நாக்கை வைக்கும் இடத்தில். கிளிப்பின் மொத்த நகர்வு 30 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். நாக்கை நடுவில் வைத்தால் கீழே போக 15 மி.மீ.தான் இருக்கும். ஜனவரியில், தகடு 10 டிகிரியில் இருக்கும்போது பொருத்தினால், கோடையில் இறவாணத்தருகே உள்ள கிளிப்புக்கு 23 மி.மீ. வேண்டும். போதாது. குளிரில் பொருத்தினால் நாக்கு முகட்டுப் பக்கமாக இருக்க வேண்டும், ஜூன் மதியம் பொருத்தினால் இறவாணப் பக்கமாக. மூட்டை மடிக்கும் முன் ஒவ்வொரு நாக்கும் கையால் தள்ளினால் நகர்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

பின்னால் சோலார் பேனல் வைப்பதானால் தகட்டைத் துளைத்து, அதைத் தாங்கும் பர்லின் சட்டத்தில் ஸ்க்ரூ இறக்க விடாதீர்கள். அது புதிதாக ஒரு ஃபிக்சட் புள்ளியாகிவிடும். மூட்டைக் கவ்வும் கிளாம்ப் போதும், அதையும் கிளிப்புக்கு மேலே மாட்டாமல் தள்ளி மாட்டச் சொல்லுங்கள்.

கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்கும் முன், வெயில் நாளில் விடியற்காலை தகட்டின் கீழ்முனை நிற்கும் இடத்தைக் கட்டர் ஓரத்தில் பென்சிலால் குறித்துவிட்டு, மதியம் 2 மணிக்குப் பாருங்கள். தகட்டின் சூடு 40 டிகிரி ஏறியிருந்தால் முனை ஏறக்குறைய 14 மி.மீ. வெளியே வந்திருக்கும். நகரவே இல்லையென்றால் எங்கோ இறுகியிருக்கிறது. எங்கே என்று கண்டுபிடித்து விடுவிக்கச் சொல்லுங்கள்.