எட்டு டீமும் உட்கார்ந்து அடுத்த சில இட்டரேஷன்களின் வேலைக்குச் சேர்த்து இரண்டு நாள் பிஐ பிளானிங் பண்ணுகிறோம், ஆனாலும் மூன்றாவது இட்டரேஷனிலேயே பிளான் குலைந்துவிடுகிறது. எங்கே தப்பு?

டீம்கள் வரிசையாகவும் இட்டரேஷன்கள் இடமிருந்து வலமாகவும் இருக்கும் போர்டில், ஒரு டீமின் வேலை இன்னொரு டீமை நம்பியிருப்பதைக் காட்டக் கட்டியிருக்கும் சிவப்பு நூல்களை முதலில் பாருங்கள். கொடுக்கும் டீமின் கட்டத்திலிருந்து வாங்கும் டீமின் கட்டத்துக்கு நூல் வலப்பக்கம் சாய்ந்து போனால் சரி, நடுவில் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது. நூல் செங்குத்தாக நின்றால் இரண்டு வேலையும் ஒரே இட்டரேஷனில் விழுகின்றன, பிளான் பெரும்பாலும் அங்கேதான் உடையும்.

நான் வேலை பார்த்த இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பிஐயில் ஐந்து இட்டரேஷன், ஒவ்வொன்றும் இரண்டு வாரம், கடைசியானது புதுமை முயற்சிக்கும் அடுத்த பிளானிங்குக்கும் ஒதுக்கிய ஐபி இட்டரேஷன், அதில் ஃபீச்சர் வேலை வைப்பதில்லை. பணம் திருப்பித் தரும் ஏபிஐயை பேமெண்ட் டீம் மூன்றாவதில் வைத்தது, அதற்கான திரையை ஆப் டீமும் மூன்றாவதிலேயே வைத்தது. ஏபிஐ கடைசி நாள் மாலைதான் வந்தது, திரை நான்காவதுக்குத் தள்ளிப்போக, இரண்டையும் இணைத்து டெஸ்ட் செய்யும் வேலை ஐபிக்குள் புகுந்து அதை முழுசாக விழுங்கிவிட்டது.

அடுத்த பிஐயில் இதே மாதிரி ஒரு நூல் வந்தபோது அதைப் பிரித்தோம். முதல் இட்டரேஷனில் இரண்டு டீமும் உட்கார்ந்து ஏபிஐக்கு என்ன போகும், என்ன வரும், பிழை வந்தால் என்ன பதில் என்பதை எழுதி முடிவு செய்து, அதே வடிவில் பதில் தரும் போலி சர்வர் ஒன்றை வைத்தார்கள். திரை இரண்டாவதில் அதன் மேல் எழுந்தது, உண்மையான ஏபிஐ மூன்றாவதில், இணைப்பு நான்காவதில்.

ஆனால் டீமின் சுமை நிரம்பி வழிந்தால் நூலைச் சாய்த்தும் பயனில்லை. ஆறு பேர், ஒரு இட்டரேஷனுக்கு ஆளுக்கு 8 பாயிண்ட் என்றால் 48, அதில் நான்கு நாள் விடுப்புக்கு 4 போனால் 44. பலரும் அந்த 44-ஐயும் நிரப்பிவிடுகிறார்கள். கடந்த சில இட்டரேஷன்களில் புரொடக்‌ஷன் பிழைகளுக்கு சராசரியாக 9 போயிருந்தால் 35-தான் கையில் இருக்கிறது. கொடுக்கும் டீமுக்கு இதை இன்னும் கறாராகப் பாருங்கள், ஏனென்றால் அவர்கள் தாமதித்தால் நூலின் மறுமுனையில் இருப்பவர்களும் சேர்ந்து நிற்க வேண்டியிருக்கும்.

ஒரே டீமின் ஒரே கட்டத்தில் நான்கைந்து நூல் வந்து விழுந்தால் அதை அங்கேயே பேசித் தீர்த்துவிடுங்கள். ஒவ்வொரு பிஐயிலும் அதே இரண்டு டீமுக்கு நடுவே நூல் குவிகிறதென்றால் பிளானிங் அதைச் சரிசெய்யாது, டீம் பிரித்த விதம்தான் தப்பு.

அப்புறம், ரிலீஸ் தேதியை பிஐ முடியும் நாளோடு கட்டிப்போடாதீர்கள். தயாரான ஃபீச்சர் நடுவிலேயே வெளியே போகலாம். எல்லாமே கடைசி நாளுக்கு என்று வைத்தால் ஐபி வெறும் டெஸ்டிங் வாரமாகிவிடும்.

கடைசியில் விரல் காட்டும் நம்பிக்கை வாக்கெடுப்பில் சராசரியை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து போகாதீர்கள். எங்களிடம் எல்லாரும் நான்கு காட்ட, ஒரு டெஸ்டர் இரண்டு விரல் மட்டும் காட்டினார். கேட்டால், நான்காவது இட்டரேஷனில் டெஸ்ட் சூழலை வேறொரு டீம் ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தது. அந்த டீம் அதே அறையில்தான் இருந்தது, பத்து நிமிடத்தில் தேதி மாற்றிக் கொடுத்தார்கள்.