குன்னூர் டீத்தூள் வியாபாரம்: வருட ரிபேட்டுக்கு கிரெடிட் நோட் போடும் முறை

கேள்வி: குன்னூரில் டீத்தூள் மொத்த வியாபாரம் செய்கிறோம். வருஷம் முழுக்க வாங்கின தொகையைப் பார்த்து கடைக்காரங்களுக்கு ஒன்று, இரண்டு சதவீதம் திருப்பித் தர்றோம். எந்தத் தொகைக்கு கணக்கிடணும்? கிரெடிட் நோட்டில் ஜிஎஸ்டி சேர்க்கணுமா?

இங்கே டீ பாக்கெட் கம்பெனிகளுக்கு கணக்கு எழுதுகிறவன் நான். ஏப்ரல் மாதத்தில் பார்ட்டியோடு வரும் சண்டை பெரும்பாலும் சதவீதத்தைப் பற்றியது இல்லை. 'வாங்கின தொகை' என்றால் எது என்பதில்தான் தகராறு.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். உங்கள் ஸ்லாப் 5 லட்சம் தாண்டினால் 1 சதவீதம், 10 லட்சம் தாண்டினால் மொத்தத்துக்கும் 2 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மேட்டுப்பாளையம் கடைக்காரர் ஒருவருக்கு வருடம் முழுக்க வரி சேர்க்காமல் 10,28,000 ரூபாய்க்கு பில் போட்டிருக்கிறீர்கள். மழை மாதத்தில் ஈரம் ஏறிக் கட்டிதட்டிப் போன பாக்கெட்டுகள் 36,000 ரூபாய்க்குத் திரும்பி வந்துவிட்டன. ஆக, நிகர விற்பனை 9,92,000. அவருக்குச் சேர வேண்டியது 1 சதவீதம், அதாவது 9,920 ரூபாய்.

ஆனால் அவர் தன் லெட்ஜரைத்தான் பார்ப்பார். அதில் டீக்கான 5 சதவீத ஜிஎஸ்டியும் ஏறி 10,41,600 என்று நிற்கும். "பத்து லட்சம் தாண்டியாச்சே, இருபதாயிரத்து எண்ணூத்துச் சொச்சம் வரணுமே" என்பார். அவர் கண்ணுக்கு அது நியாயம்தான். அதனால் ஏப்ரல் முதல் வாரத்திலேயே ஒரு பக்கக் கடிதம் கொடுத்துவிடுங்கள். ஜிஎஸ்டியும் லாரி வாடகையும் நீங்கலாக, ரிட்டர்ன் கழித்த தொகைக்குத்தான் ரிபேட் என்று அதில் தெளிவாக எழுதி, கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் 10 லட்சத்துக்கு மேற்பட்ட பகுதிக்கு மட்டும் 2 சதவீதம் என்று மாற்றிவிடுங்கள். சில ஆயிரம் ரூபாய் வித்தியாசத்தில் ரிபேட் இரட்டிப்பாகும்போதுதான் மார்ச் கடைசி வாரத்தில் தேவையில்லாமல் சரக்கு எடுத்து, ஏப்ரலில் திருப்பி அனுப்புகிற பழக்கம் வருகிறது. இதற்காகவே கிரெடிட் நோட்டை ஏப்ரல் முடிந்த பிறகு போடுவது நல்லது. மார்ச் பில்லுக்கு ஏப்ரலில் வந்த ரிட்டர்னையும் கழித்துவிட்டு ஸ்லாப்பைப் பார்க்கலாம்.

ஆனால் செலவு முடிந்த வருடத்தைச் சேர்ந்தது. மார்ச் 31 தேதியில் ரிபேட் கணக்கைப் பற்று வைத்து, 'ரிபேட் ப்ரொவிஷன்' கணக்கில் வரவு வையுங்கள். பிறகு கிரெடிட் நோட் போடும்போது ப்ரொவிஷனைப் பற்று வைத்து பார்ட்டியை வரவு வைத்தால் போதும். இதை விட்டுவிட்டால் போன வருட லாபம் கூடுதலாகத் தெரியும், புது வருட லாபம் அந்த அளவுக்குக் குறையும்.

இனி ஜிஎஸ்டி. இந்த அளவுத் தொகைக்கு ஜிஎஸ்டி இல்லாத கிரெடிட் நோட்டே போதும் என்பது என் கருத்து. 9,920 மட்டும் பார்ட்டிக்கு வரவு வையுங்கள். நீங்கள் கட்டிய வரி அப்படியே இருக்கும், அவர் எடுத்த இன்புட் கிரெடிட்டும் அப்படியே இருக்கும். GSTR-1இல் இதைக் காட்ட வேண்டியதில்லை.

ஜிஎஸ்டியோடு போட்டால் 496 ரூபாய் சேர்ந்து 10,416 ஆகும். உங்கள் வரி 496 குறையும், அவர் அதே 496ஐ ரிவர்ஸ் செய்ய வேண்டும். அதற்கு எந்தெந்த பில்லுக்கான தள்ளுபடி என்று பட்டியல் இணைக்க வேண்டும். வருடம் முழுவதற்கும் ஒரே நோட்டாகப் போடலாம், அதில் தடை இல்லை. அடுத்த நவம்பர் 30 அல்லது ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யும் நாள், இதில் எது முந்தியோ அதற்குள் வரியைக் குறைத்துக் காட்ட வேண்டும். தள்ளுபடியை முன்கூட்டியே ஒப்பந்தமாக வைத்திருக்க வேண்டும் என்று பிரிவு 15(3)(b) கேட்டு வந்தது. அந்த நிபந்தனையை நீக்க 2025 செப்டம்பரில் நடந்த 56ஆவது ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டம் பரிந்துரைத்தது. அது எப்படியானாலும், மேலே சொன்ன கடிதம் உங்கள் பாதுகாப்புக்கு வேண்டும். பார்ட்டி ரிவர்ஸ் செய்யாமல் விட்டால் நீங்கள் குறைத்த வரிக்குக் கேள்வி வருவது உங்களுக்குத்தான். 496 ரூபாய்க்காக இத்தனை பேரைத் துரத்த வேண்டாம். பெரிய பார்ட்டிக்கு, லட்சக்கணக்கில் ரிபேட் போனால் மட்டும் யோசியுங்கள்.

டேலியில் ஒரு விஷயம். ரிபேட் நோட்டை Item Invoice முறையில் போட்டால் வராத சரக்கு ஸ்டாக்கில் ஏறிவிடும். Ctrl+H அழுத்தி As Voucher தேர்ந்தெடுங்கள். அதோடு ரிட்டர்னுக்கு ஒன்று, ரிபேட்டுக்கு ஒன்று என்று தனித்தனி வவுச்சர் டைப் வையுங்கள். இரண்டும் கலந்தால், அடுத்த மார்ச்சில் நிகர விற்பனை பார்க்கும்போது போன வருட ரிபேட் 9,920ம் ரிட்டர்ன் போலக் கழிந்துபோய், பார்ட்டி ஸ்லாப்புக்குக் கீழே இறங்கிவிடுவார்.