நடந்தால் கால் இழுக்கிறது: முதுகா, ரத்தக் குழாயா?

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது, இனிப்பு நீர் உண்டு. கொஞ்ச தூரம் நடந்தாலே ரெண்டு காலும் கனத்து மரத்துப் போகுது, உட்கார்ந்தா சரியாயிடுது. ஆனா சைக்கிள்ல கடைத்தெரு வரை போயிட்டு வந்துடுறார். ஒரு டாக்டர் முதுகுத்தண்டு நரம்புன்னார், இன்னொருத்தர் கால் ரத்தக் குழாய் அடைப்புன்னார். எதை நம்புறது?

சுங்கை சிப்புட் பக்கம் பிசியோதெரபி வேலை பார்க்கிறேன். தோட்டத்தில் பால் வெட்டியவர்கள், செம்பனைக் குலை இறக்கியவர்கள் என்று வருகிறவர்களில் பாதிப்பேர் உங்கள் அப்பா வயதுதான். 'உட்கார்ந்தா சரியாயிடுது' என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இரண்டு நோயிலும் உட்கார்ந்தால் சரியாகும். நான் கேட்கிற கேள்வி வேறு: வலி வந்ததும் உட்காராமல், எதிலும் சாயாமல், நிமிர்ந்து சும்மா நின்றால் என்ன ஆகிறது?

ரத்தக் குழாய் அடைப்பு என்றால் நின்றாலே போதும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை கேட்கிற ரத்தம் குறுகிய குழாய் வழியே போதுமான அளவு வருவதில்லை, அதனால்தான் வலி. நடையை நிறுத்தினால் தசையின் தேவை குறையும், சில நிமிடத்தில் வலி அடங்கும். முதுகு வளைந்திருக்கிறதா, நேராக இருக்கிறதா என்பது அங்கே பொருட்டே இல்லை.

முதுகுத்தண்டில் சங்கதி வேறு. வயதாக ஆக எலும்புகளுக்கு நடுவில் இருக்கிற வட்டு பிதுங்கும், பின்பக்க மூட்டுகள் பருக்கும், உள்ளே இருக்கிற மஞ்சள் தசைநார் தடிக்கும். பெரும்பாலும் இடுப்பின் 4, 5ஆவது எலும்புக்கு நடுவில்தான் இது அதிகம். தலையை அண்ணாந்தால் பிடரியில் தோல் மடிகிறதல்லவா, அதுபோல இடுப்பை நிமிர்த்தினால் அந்தத் தடித்த தசைநார் உள்பக்கம் மடிந்து நரம்புக் குழாயை இன்னும் நெருக்கும். குனிந்தால் விரியும். ஆகவே இங்கே குற்றவாளி நடை மட்டுமில்லை, நிமிர்ந்து நிற்பதும்தான். கோயிலில் தீபாராதனைக்கு நிற்கும்போதே சுவரைத் தேடுவார்கள், சிங்க்கில் பாத்திரம் கழுவும்போது முழங்கையை ஊன்றிக்கொள்வார்கள். ட்ராலியில் சாய்ந்தபடி சூப்பர்மார்க்கெட் முழுக்கச் சுற்றுவார்கள், வெறுங்கையோடு வாசல்வரை நடக்கத் திணறுவார்கள்.

உங்கள் அப்பாவின் சைக்கிள் இங்கேதான் பெரிய துப்பு. சீட்டில் உட்கார்ந்து கைப்பிடியைப் பிடித்தால் இடுப்பு லேசாக முன்வளைந்தே இருக்கும், நரம்புக்கு இடம் கிடைக்கும். ரத்தக் குழாய் அடைத்தவருக்கு அப்படிச் சலுகை இல்லை, மிதித்தாலும் தசைக்கு ரத்தம் வேண்டும். மேட்டிலும் இதே கணக்குதான். ஏறும்போது உடம்பு முன்னால் சாய்வதால் முதுகு நோய்க்காரருக்குக் கொஞ்சம் எளிது, இறக்கம்தான் கஷ்டம். குழாய் அடைத்தவருக்கு ஏற்றம்தான் எமன். வலி தொடங்கும் இடமும் உதவும்: நரம்பு வலி புட்டத்திலிருந்து கீழே இறங்கும், மரமரப்போடு வரும், ஒரு நாள் நூறடியில், இன்னொரு நாள் முந்நூறடியில் என்று மாறும். குழாய் வலி கெண்டைக்காலில் இறுகிப் பிடிக்கும், தினமும் ஏறக்குறைய அதே மின்கம்பத்தருகே வரும்.

இதோடு நிறுத்தினால் முதுகு என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அப்பாவுக்கு இனிப்பு நீர் இருக்கிறது, அதனால் நான் அவசரப்பட மாட்டேன். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம்.

அப்படி ஒருவர் வந்தார். பழைய மண்டோர், 74 வயது, அப்போதும் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தவர். எம்.ஆர்.ஐ.யில் 4, 5ஆம் எலும்புக்கு நடுவே நல்ல நெருக்கம் தெரிந்தது, அறுவை பற்றிப் பேச்சு வந்திருந்தது. "ரெண்டு காலும் ஒரே மாதிரியா ஐயா?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "நின்னா ரெண்டும் மரத்துப் போகுது தம்பி. ஆனா நடந்தா இடது ஆடுதசை மட்டும் கல்லாட்டம் புடிக்குது, அது நின்னா போயிடும்" என்றார். வலியை அவரே இரண்டாகப் பிரித்துக் கொடுத்துவிட்டார். பாதத்தைத் தொட்டேன். இடது பாதம் குளிர்ச்சி, விரல்களில் முடியில்லை. பாதத்தின் மேல்பக்க நாடி கிடைக்கவில்லை. அந்த நாடி சிலருக்குப் பிறவியிலேயே கிடைக்காது, ஆகவே உள்கணுக்காலின் பின்பக்கமும் பார்த்தேன். அங்கேயும் இல்லை.

கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். படுக்கவைத்து, சிறிய டாப்ளர் கருவியோடு எடுப்பார்கள், வலிக்காது. கையில் 144. வலது கணுக்காலில் 150, இடதில் 102. கணுக்கால் எண்ணைக் கை எண்ணால் வகுத்தால் வலது 1.04, இடது 0.71. 0.9க்குக் கீழே போனால் குழாய் அடைப்பு என்று எடுத்துக்கொள்வார்கள். ஆக, நின்றால் வரும் மரமரப்பு முதுகினுடையது, இடது கெண்டைக்காலின் பிடிப்பு குழாயினுடையது. முதுகை மட்டும் அறுத்திருந்தால் அந்தப் பிடிப்பு அப்படியே இருந்திருக்கும். அவருக்குச் சிகரெட்டை விடச் சொல்லி, கொழுப்பு மாத்திரையும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரையும் கொடுத்தார்கள். வலி வரும்வரை நடந்து, நின்று, மறுபடி நடக்கிற பயிற்சி இடது காலுக்கு. முதுகுக்கு, மல்லாந்து படுத்து முழங்காலை நெஞ்சுக்கு இழுப்பதும் உடற்பயிற்சி சைக்கிளும். அறுவையைத் தள்ளிப்போட்டார்கள்.

உங்கள் அப்பா விஷயத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. இனிப்பு நீர் பல வருடம் இருந்தால் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து விறைத்துவிடும், பட்டையால் அழுத்தினாலும் நசுங்காது. அப்போது விகிதம் 1.4க்கு மேல் பொய்யாக ஏறி நிற்கும். சிலருக்குச் சாதாரணம் போலவே காட்டும். நாடி கிடைக்காமல் எண் மட்டும் நன்றாக இருந்தால் கால் கட்டைவிரலில் அழுத்தம் பார்க்கக் கேளுங்கள், விரல் குழாய்களில் அந்த விறைப்பு குறைவு. ராத்திரி படுக்கையில் பாதம் எரிகிறது என்றால் அது இனிப்பு நீர் நரம்பு வேலையாகவும் இருக்கலாம், அதற்கும் நடைக்கும் சம்பந்தமில்லை.

எம்.ஆர்.ஐ.யில் 'நெருக்கம்' என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், அதையே தீர்ப்பாகவும் எடுக்க வேண்டாம். அறுபது தாண்டியவர்களில் எத்தனையோ பேருக்கு அப்படித் தெரியும், ஒரு புகாரும் இருக்காது. படம் அப்பா நடக்கிற விதத்தோடு ஒத்துப்போக வேண்டும்.

ஆகவே அப்பாவைக் கடைத்தெரு வரை ஒருநாள் நடக்கவிட்டுக் கூடவே போங்கள். கால் இழுத்ததும் நிமிர்ந்து நிற்கச் சொல்லிப் பாருங்கள், பிறகு சுவரில் குனிந்து சாயச் சொல்லுங்கள். எது ஆற்றியது என்று எழுதிக்கொண்டு போய் டாக்டரிடம் கொடுங்கள், கூடவே கணுக்கால் அழுத்தமும் கேளுங்கள். அது தெரியும்வரை இறுக்கமான காலுறை வேண்டாம், மரத்த பாதத்தில் சூடான எண்ணெய் ஒத்தடமும் வேண்டாம்.

சிறுநீர் அடைப்பது அல்லது கட்டுப்பாடில்லாமல் போவது, இரண்டு தொடைக்கும் இடையில் மரத்துப்போவது, பாதம் தொங்குவது, இதில் எது வந்தாலும் அன்றே அவசரப் பிரிவு. படுத்திருக்கும்போதே பாதம் வலித்து, கட்டிலிலிருந்து தொங்கப்போட்டால் குறைவது, விரல் கறுப்பது, ஆறாத புண், இவை குழாயின் ஆபத்து. அதற்கும் காத்திருக்கக் கூடாது.