டீ பேக் டப்பாவின் பின்பக்கம்: கர்ப்பிணியும் அசிட்ரோம் சாப்பிடுபவரும் பார்க்க வேண்டியவை

"எனக்கு 56 வயது. மைட்ரல் வால்வை மாற்றி உலோக வால்வு வைத்திருக்கிறார்கள். தினமும் அசிட்ரோமும் லாசிக்ஸும் சாப்பிடுகிறேன். என் மகள் ஐந்து மாதக் கர்ப்பமாக வந்திருக்கிறாள். உறவினர் ஒருவர் கொடுத்த 'டிடாக்ஸ் கிரீன் டீ'யை ஒரு வாரமாக இருவரும் குடிக்கிறோம். டப்பாவின் பின்னால் கிரீன் டீ 50%, துளசி 15%, சென்னா, முலேத்தி, இஞ்சி, கெமோமைல் என்று போட்டிருக்கிறது. ஒரு பை 2 கிராம். எல்லாம் மூலிகைதானே, தொடரலாமா?"

தொடர வேண்டாம், இருவருமே. அந்தப் பட்டியலில் மூன்றாவதாக இருக்கும் சென்னாதான் முதல் காரணம். நம்மூர் மருந்துக் கடையில் நிலவாகை என்று கேட்டால் கொடுப்பார்களே, அதே இலைதான். திருநெல்வேலிச் சீமையில் விளைந்து உலகம் முழுக்கப் போகிற மலமிளக்கி. சோனாமுகி என்றும் காசியா அங்குஸ்டிஃபோலியா என்றும் சில டப்பாக்களில் இருக்கும். 'டிடாக்ஸ்', 'ஸ்லிம்மிங்' என்று விற்கும் டீயில் வயிறு லேசானது போலத் தோன்றுவதற்குப் பெரும்பாலும் இந்த இலைதான் காரணம். பேதியில் போவது தண்ணீரும் உப்புகளும்தான், கொழுப்பு கரைவதில்லை.

எவ்வளவு சென்னா இருக்கிறது என்று டப்பா சொல்லவில்லை. ஆனால் கணக்குப் போட முடியும். நம் நாட்டு விதிப்படி, பொருள்களை அதிக எடையில் தொடங்கிக் குறைந்த எடை வரை இறங்குவரிசையில் எழுத வேண்டும். முன்பக்கத்தில் பெயராகவோ படமாகவோ எடுத்துக் காட்டும் பொருளுக்குச் சதவீதமும் போட வேண்டும். துளசிக்கு 15% என்று போட்டு சென்னாவுக்குப் போடாமல் விட்டதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். துளசிக்கு அடுத்து வருவதால் சென்னா 15 சதவீதத்தைத் தாண்டாது. கிரீன் டீயும் துளசியும் போக மிச்சம் 35%. அதை நான்கு பொருள்கள் பங்கிடுகின்றன, அவற்றில் பெரிய பங்கு சென்னாவுக்கு. ஆகவே 8.75 சதவீதத்துக்குக் குறையவும் வழியில்லை. 2 கிராம் பையில் 0.18 முதல் 0.3 கிராம் இலை என்று ஆகிறது.

மருந்துத் தரமான சென்னா இலையில் சென்னோசைடு என்ற பேதிப் பொருள் சுமார் 2.5% இருக்கும். அப்படியானால் ஒரு பையில் ஏறக்குறைய 4.5 முதல் 7.5 மில்லிகிராம். கடையில் விற்கும் சென்னா மாத்திரை ஒன்றில் 8 முதல் 12 மில்லிகிராம்தான் இருக்கிறது. வெந்நீரில் முழுவதும் இறங்காது என்று வைத்துக்கொண்டாலும், நாளுக்கு மூன்று கப் குடிப்பவர் தெரியாமலே தினமும் ஒரு மலமிளக்கி மாத்திரை அளவுக்கு விழுங்குகிறார். பையைப் பத்து நிமிடம் ஊற விட்டுப் பிழிந்து குடித்தால் இன்னும் கூடும்.

உங்களுக்கு இது ஏன் ஆபத்து? வால்வில் ரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம் வேலை செய்வது, உறைதலுக்குத் தேவையான வைட்டமின் கே-வை மறித்துத்தான். இரண்டு மூன்று நாள் வயிற்றுப்போக்கு இருந்து சாப்பாடும் குறைந்தால் உடலில் அந்த வைட்டமின் குறையும். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு, மாத்திரை மாறாமலே ஏறிவிடும், ரத்தக்கசிவு வரலாம். பேதியில் பொட்டாசியமும் போகும், சிறுநீரைப் பெருக்கும் லாசிக்ஸ் ஏற்கெனவே அதை வெளியேற்றிக்கொண்டிருக்கிறது. அடுத்ததாக இருக்கும் முலேத்தியும் அதையே செய்யும். முலேத்தி என்பது அதிமதுரம். லிக்கரைஸ், யஷ்டிமது, கிளைசிரைசா கிளாப்ரா என்று எந்தப் பெயரில் இருந்தாலும் ஒன்றுதான். இதிலுள்ள கிளைசிரைசின் உடலில் உப்பையும் நீரையும் தேக்கி, ரத்த அழுத்தத்தை ஏற்றி, பொட்டாசியத்தைக் குறைக்கும். மூன்றும் ஒரே பக்கம் இழுக்கின்றன. பொட்டாசியம் இறங்கினால் இதயத் துடிப்பு தடுமாறும். இதயத்துக்கான டிகாக்ஸின் மாத்திரையும் சாப்பிடுபவராக இருந்தால் இன்னும் மோசம்.

உங்கள் மகளுக்கும் அதிமதுரம்தான் முக்கியமான விஷயம். பின்லாந்தில் அதிமதுர மிட்டாய் சாப்பிடுவது பெரும் பழக்கம் என்பதால் அங்கே இதைக் கவனித்து ஆராய்ந்தார்கள். வாரத்துக்கு 500 மில்லிகிராம் கிளைசிரைசினுக்கு மேல் எடுத்த கர்ப்பிணிகளிடம் குறைப்பிரசவம் அதிகம் தெரிந்தது. உங்கள் டப்பாவில் இருக்கும் அளவு பெரும்பாலும் அதற்குக் கீழேதான் இருக்கும், அதனால் ஒரு வாரம் குடித்ததற்காக அவர் பயப்பட வேண்டாம். 'தொண்டைக்கு இதம்' என்று விற்கும் டீக்களைத்தான் பார்க்க வேண்டும். சிலவற்றில் அதிமதுரம்தான் பட்டியலின் முதல் பெயர். முதல் மூன்றுக்குள் அது இருந்தால் கர்ப்பிணி அந்த டப்பாவை எடுக்கவே வேண்டாம். சென்னாவைப் பொறுத்தவரை, கர்ப்பத்தில் மலச்சிக்கலுக்கு மருத்துவரே சில சமயம் அளவாகத் தருவதுண்டு. அளவு தெரியாமல் டீயாகத் தினமும் குடிப்பது வேறு. அஸ்வகந்தா கலந்த டீயையும் கர்ப்பத்தில் தவிர்க்கச் சொல்வேன். அது 'ரிலாக்ஸ்', 'ஸ்லீப்' டீக்களில் அதிகம் வருகிறது.

கிரீன் டீ மட்டும் என்றால் மகள் குடிக்கலாம். கர்ப்பத்தில் காஃபின் நாளுக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், ஒரு கப் கிரீன் டீயில் 30, 40 மில்லிகிராம்தான். ஆனால் வீட்டுக் காபியையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இரும்புச்சத்து மாத்திரை போடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் எந்த டீயும் வேண்டாம், தேயிலையின் துவர்ப்பு இரும்பை உடலில் ஏறவிடாது. இஞ்சி தட்டிப் போட்ட வெந்நீர், சமையலில் சேர்க்கிற அளவுக்கு, தாராளமாகக் குடிக்கலாம்.

உங்களுக்கும் சாதாரண கிரீன் டீ ஒன்றிரண்டு கப் ஆகாது என்று இல்லை. இலையை வடித்த நீரில் வைட்டமின் கே மிகக் குறைவு. அசிட்ரோம் போன்ற வார்ஃபரின் சாப்பிட்டு, கிரீன் டீயால் ஐ.என்.ஆர். 3.79இலிருந்து 1.37க்கு இறங்கிய ஒருவரைப் பற்றி 1999இல் அமெரிக்காவில் பதிவு செய்திருக்கிறார்கள். அவர் குடித்தது நாளுக்கு இரண்டு முதல் நான்கு லிட்டர் வரை. எவ்வளவு குடித்தாலும் தினமும் ஒரே அளவாகக் குடியுங்கள், திடீரென்று கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். மாட்சா மட்டும் வேண்டாம், இலையையே பொடியாக விழுங்குவதால் வைட்டமின் கே-யும் முழுதாகப் போகும். கெமோமைல் எதிர்ப்பக்கம். வார்ஃபரின் சாப்பிட்டு வந்த 70 வயதுப் பெண் ஒருவர் கெமோமைல் டீயும் அதே பூவின் லோஷனும் சேர்த்துப் பயன்படுத்தி, உள்ளே ரத்தக்கசிவோடு மருத்துவமனைக்கு வந்ததை 2006இல் கனடாவில் பதிவு செய்திருக்கிறார்கள். அசிட்ரோமும் வார்ஃபரின் இனத்தைச் சேர்ந்ததுதான். ஜின்கோ, டாங் குவாய், செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகைப் பெயர்கள் டப்பாவில் இருந்தாலும் கீழே வையுங்கள். கடைசியாகச் சொன்னது மருந்தின் வீரியத்தைக் குறைத்து வால்வில் ரத்தம் உறைய வழிசெய்யும்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. டீயை இன்றே நிறுத்துங்கள், அசிட்ரோமை மட்டும் நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். அடுத்த பரிசோதனைத் தேதி வரை காத்திருக்காமல் இரண்டொரு நாளில் பி.டி. ஐ.என்.ஆர்., பொட்டாசியம் இரண்டையும் பாருங்கள். டீ இருந்தபோது ஒரு அளவு, விட்ட பிறகு ஒரு அளவு என்று மாறக்கூடும், அதனால் ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை ஐ.என்.ஆர். பார்க்க வேண்டும். பல் துலக்கும்போது ஈறில் ரத்தம், காரணமில்லாமல் தோலில் நீலத் திட்டு, தார் போன்ற கறுப்பு மலம், தேநீர் நிறத்தில் சிறுநீர், இதில் எது இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். போகும்போது டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள். "ஏதோ மூலிகை டீ" என்று சொன்னால் மருத்துவரால் எதையும் கண்டுபிடிக்க முடியாது.