வாட்டர்கலர் ஃபில்டரில் பாட்டி முகம் ஏன் கறுத்துப்போகிறது?

கேள்வி: பாட்டியை நடுவில் உட்கார வைத்து, பேரப்பிள்ளைகள் ஐந்து பேரும் சுற்றி நின்று போனில் எடுத்த படம் ஒன்று இருக்கிறது. அதை வாட்டர்கலர் ஓவியம் போல மாற்றி, ஏ4 அளவில் பிரிண்ட் எடுத்துச் சட்டம் போட ஆசை. போட்டோஷாப்பில் Watercolor ஃபில்டர் போட்டுப் பார்த்தேன். பாட்டி முகத்தில் கரி பூசியது போல ஆகிவிட்டது. பேப்பர் டெக்ஸ்சர் சேர்த்தால் கொசுவலைக்குப் பின்னால் இருப்பது போலத் தெரிகிறது. லேயர், மாஸ்க் எல்லாம் ஓரளவு பழக்கம்தான். எங்கே தப்பு?

பதில்: அந்த ஃபில்டரின் சுபாவமே அப்படித்தான். படத்தில் வெளிச்சம் சட்டென்று மாறுகிற ஓரங்களைத் தேடிப்பிடித்து, அங்கே நிறத்தை அடர்த்தியாக்கும். வயதானவர் முகத்தில் ஓரங்களுக்கா பஞ்சம்? ஒவ்வொரு சுருக்கமும், மூக்கின் நிழலும், கண்ணாடிச் சட்டமும் அதற்கு ஓரம்தான். Shadow Intensity-யைப் பூஜ்யத்தில் வைத்தாலும் கருமை முழுசாகப் போகாது. அதனால் அந்த ஃபில்டரை விட்டுவிடுங்கள். லேயர் தெரியும் என்கிறீர்கள், அது போதும்.

நீர்வண்ணத்தில் பொதுவாக வெள்ளைச் சாயம் பூசுவதில்லை. வெள்ளை வேண்டிய இடத்தில் காகிதத்தை அப்படியே விட்டுவிடுவார்கள். சாயம் கண்ணாடி போல ஒளி ஊடுருவுவது. காய்ந்த பூச்சின் மேல் இன்னொன்று பூசினால் அடியில் இருப்பதும் தெரியும், சேர்ந்து இருளும். லேயர்களில் Multiply செய்வதும் ஏறக்குறைய அதுதான். ஆகவே வெள்ளைக் காகிதம் அடியில், அதன் மேல் பெரிய பூச்சு, அதன் மேல் முகம், அப்புறம் ஓரம் என்று அடுக்கப்போகிறோம்.

முதலில் அளவைத் தீர்மானித்துவிடுங்கள். ஏ4 தாளை 300 டிபிஐ-யில் அச்சிட 3508 × 2480 பிக்சல் வேண்டும். இனி வரும் எண்கள் எல்லாம் அந்த அளவுக்கானவை. ஃபில்டர்கள் பிக்சல் கணக்கில் வேலை செய்வதால், கடைசியில் படத்தைப் பெரிதாக்கினால் அத்தனையும் மாறிவிடும். வெட்டிச் சரிசெய்த பிறகு ஒரு முகத்தின் அகலத்தை அளந்து பாருங்கள். 300 பிக்சலுக்கு மேல் இருந்தால் நிம்மதி. 150-க்குக் கீழே என்றால் கண்ணும் வாயும் கரைந்துவிடும்; பின்னணியை இன்னும் வெட்டி ஆட்களை நெருக்கமாகக் கொண்டுவாருங்கள். அடுத்து Image > Adjustments > Shadows/Highlights திறந்து, Shadows-ஐ 30, 35 அளவுக்கு ஏற்றுங்கள். படம் கொஞ்சம் வெளிறித் தெரியும். தெரியட்டும், கண்ணுக்கடியில் இருக்கும் நிழல் விலகுவதுதான் நமக்கு வேண்டும்.

இப்போது Ctrl+J அழுத்தி இரண்டு நகல் எடுங்கள். கீழே உள்ள நகலுக்கு 'பூச்சு' என்றும், மேலே உள்ளதற்கு 'முகம்' என்றும் பெயர் வையுங்கள். அசல் லேயரைத் தொடாமல் மறைத்துவிட்டு, பூச்சுக்கு அடியில் வெள்ளை நிரப்பிய லேயர் ஒன்றைச் சேருங்கள். அதுதான் உங்கள் காகிதம்.

பூச்சு லேயரில் Filter > Noise > Median, ரேடியஸ் 14. இந்த இடத்தில் Gaussian Blur போட்டுத்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அது அக்கம்பக்கத்துப் பிக்சல்களின் சராசரியை எடுப்பதால் சட்டை நிறம் சுவருக்குள் கசிந்து, படம் ஃபோகஸ் தவறிய போட்டோ போலவே இருக்கும். Median அவற்றை வரிசைப்படுத்தி நடுவில் வருவதைத் தேர்ந்தெடுக்கும். துணியின் நெசவு, இலை நரம்பு போன்ற பொடி விவரங்கள் மறையும். சட்டைக்கும் சுவருக்கும் இடையிலான கோடு பெரும்பாலும் அப்படியே நிற்கும். பெரிய தூரிகையால் ஒரே இழுப்பில் பூசியது போன்ற திட்டுகள் கிடைப்பது இதனால்தான். அப்புறம் Ctrl+L அழுத்தி Levels திறந்து, அடியில் உள்ள Output Levels-இன் கறுப்பு முனையை 0-விலிருந்து 35-க்கு நகர்த்துங்கள். தண்ணீர் கலந்த சாயம் அச்சு மை அளவுக்குக் கறுப்பதில்லை. இந்த ஒரு நகர்த்தலிலேயே பாதி போட்டோத்தனம் போய்விடும்.

முகம் லேயரில் Filter > Blur > Surface Blur, ரேடியஸ் 8, Threshold 12. தோலின் சின்னச் சின்ன வேறுபாடுகள் கரையும், கண் இமையும் உதட்டுக் கோடும் நிற்கும். பூச்சுக்குச் செய்தது போலவே இதற்கும் Levels-இல் கறுப்பை 35-க்கு ஏற்றிவிடுங்கள். விட்டால் முகம் மட்டும் தனியாகத் துருத்தும். பிறகு Layer > Layer Mask > Hide All கொடுத்து, வெள்ளைத் தூரிகையால் முகங்களையும் கைவிரல்களையும் மட்டும் மீட்டெடுங்கள். கண், மூக்கு, வாய் உள்ள நடுப்பகுதிக்கு முழு அளவு. கன்னத்திலிருந்து காது வரை பாதி ஒபாசிட்டி. முடிக்கு வேண்டவே வேண்டாம். முடியை இழை இழையாக மீட்டால் அந்த இடம் மட்டும் போட்டோவாகத் திரும்பிவிடும். பாட்டியின் நரைத்த தலை ஒரே சாம்பல் திட்டாக இருக்கட்டும்.

அடுத்தது ஓரம். காபி சிந்திக் காய்ந்த கறையைக் கவனித்திருப்பீர்கள்: நடுவில் வெளிறி, விளிம்பில் கறுத்த கோடாக இருக்கும். விளிம்பில் ஈரம் சீக்கிரம் காய்வதால், அதை ஈடுகட்ட உள்ளிருந்து நீர் ஓடிவரும், வரும்போது சாயத்தையும் இழுத்துவந்து அங்கே சேர்த்துவிடும். நீர்வண்ணப் பூச்சிலும் அதே கதைதான். பார்க்கிறவர் கண் 'இது நிஜப் பூச்சு' என்று நம்புவதற்கு அந்த மெல்லிய கறுத்த ஓரமும் ஒரு காரணம்.

அதைக் கொண்டுவர, பூச்சு லேயரை நகலெடுத்து எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். Filter > Stylize > Find Edges கொடுத்து, Ctrl+Shift+U-ஆல் நிறத்தை நீக்குங்கள். Levels-இல் வலப்பக்க வெள்ளை முனையை இடப்பக்கம் தள்ளிக்கொண்டே வந்தால் சாம்பல் புகை மறைந்து கோடுகள் மட்டும் மிஞ்சும். இதை Multiply-க்கு மாற்றி, ஒபாசிட்டி 25 சதவீதம். முக்கியமான விஷயம், Find Edges-ஐ அசல் படத்தின் மேல் போடக்கூடாது. அங்கே ஒவ்வொரு இலைக்கும் சுருக்கத்துக்கும் கோடு விழும், பழைய கரி முகம் மறுபடி வந்து நிற்கும். Median செய்த லேயரில் போட்டால் திட்டுகளின் எல்லையில் மட்டும் கோடு விழும். அப்படியும் பாட்டி முகத்தில் ஏதாவது விழுந்தால் மாஸ்க்கில் அழித்துவிடுங்கள்.

இனி மென்மையான விளிம்பு. பூச்சு, முகம், ஓரம் மூன்றையும் தேர்ந்தெடுத்து Ctrl+G அழுத்தி ஒரே குழுவாக்குங்கள். குழுவுக்கும் Hide All மாஸ்க். படம் மொத்தமாக மறைந்து வெள்ளைக் காகிதம் மட்டும் தெரியும். இப்போது பிரஷ் பட்டியலில் Wet Media Brushes தொகுப்பிலிருந்து ஓரம் சீரற்ற ஒன்றை எடுத்து, 500 பிக்சல் அளவில், வெள்ளை நிறத்தில், நடுவிலிருந்து வெளியே பூசிக்கொண்டு வாருங்கள். ஆட்கள் முழுமையாக வரவேண்டும். பின்னணியை நெருங்கும்போது ஃப்ளோவை 40-க்குக் குறைத்து, அங்கங்கே காகிதம் எட்டிப்பார்க்கும்படி விடுங்கள். நாற்காலிக் கால்களும் பிள்ளைகளின் பாதங்களும் முடிவது தெரியாமல் கரைந்து போகலாம்.

நான்கு பக்கமும் ஒரே சீராகப் பஞ்சு போல மங்க வைத்தால் பழைய கல்யாண ஆல்பத்து ஓவல் சட்டம்தான் ஞாபகம் வரும். ஈரத்தாளில் பட்ட சாயம்தான் பரவும், காய்ந்த தாளில் பட்டது கூர்மையாக நிற்கும்; ஒரே ஓவியத்தில் இரண்டும் இருக்கும். பாட்டியின் தோள் பக்கம் விளிம்பு கத்தரித்தது போல நிற்கட்டும், அதற்கு எதிர்ப்பக்கம் இருக்கும் பேரனின் முதுகு பின்னணியோடு கலந்துவிடட்டும். மௌஸை வைத்துப் பொறுமையாகச் செய்தால் இதற்கே முக்கால் மணி நேரம் ஆகலாம். எனக்கு ஆகிறது.

கொசுவலைக்கு வருவோம். அதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, டெக்ஸ்சரில் தெரியும் சொரசொரப்பு மணியின் அளவு. நடுத்தரச் சொரசொரப்புள்ள நீர்வண்ணத் தாளில் ஒரு மேடுபள்ளத்தின் அகலம் தோராயமாக ஒரு மில்லிமீட்டர் இருக்கும். 300 டிபிஐ-யில் ஒரு மில்லிமீட்டர் என்பது சுமார் 12 பிக்சல். இணையத்திலிருந்து எடுத்த சின்ன டெக்ஸ்சரை இழுத்துப் பெரிதாக்கினால் மணி 40 பிக்சலாகி, சாக்குத்துணி போலத் தெரியும். நிஜத் தாளையே 300 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து 100 சதவீத அளவில் வைத்தால் கணக்கு தானாகச் சரியாகிவிடும். ஸ்கேனர் இல்லையென்றால் ஜன்னலோரம் பக்கவாட்டு வெளிச்சத்தில் தாளைப் போட்டோ எடுக்கலாம். ஆனால் ஒருபக்கம் இருட்டாக விழும். Filter > Other > High Pass, ரேடியஸ் 30 கொடுத்தால் அந்த ஏற்றத்தாழ்வு சமனாகும். பிறகு நிறத்தை நீக்கி, Levels-இல் வெள்ளை முனையை இடப்பக்கம் நகர்த்துங்கள். மேடுகள் வெள்ளையாகி, பள்ளங்கள் இளஞ்சாம்பலாக மிஞ்சும்போது நிறுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டாவது காரணம்தான் பெரியது. படம் முழுவதும் ஒரே அளவில் டெக்ஸ்சர் போர்த்தியிருக்கிறீர்கள். நிஜத்தில் சாயத்துகள் தாளின் பள்ளங்களில் போய்த் தங்கும். அதனால் சாயம் பட்ட இடத்தில் சொரசொரப்பு எடுப்பாகத் தெரியும், வெற்றுக் காகிதத்தில் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். ஆகவே டெக்ஸ்சரை இரண்டாக வையுங்கள். ஒன்று குழுவுக்குள்ளே, எல்லாவற்றுக்கும் மேலே, Multiply, 40 சதவீதம். குழுவின் மாஸ்க் இதற்கும் பொருந்துவதால் சாயம் இருக்கும் இடத்தில் மட்டுமே தெரியும். இன்னொன்று குழுவுக்கு வெளியே, மேலே, Multiply, 15 சதவீதம். இரண்டும் பிக்சல் பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று இருக்கவேண்டும். ஒன்றை நகர்த்தினால் மணி இரட்டையாகிவிடும். உள்ளே இருக்கும் டெக்ஸ்சருக்குத் தனி மாஸ்க் போட்டு, கண்கள் மேல் மட்டும் லேசாக அழியுங்கள். கருவிழியில் ஒரு பள்ளம் விழுந்தால் பார்வை மாறியது போல ஆகிவிடும்.

டெக்ஸ்சரைச் சரிபார்க்கும்போது திரையை 100 சதவீதத்தில் வைத்துப் பாருங்கள். 33, 50 என்று சுருக்கிப் பார்க்கும்போது மணிகள் ஒன்றோடொன்று கலந்து, இல்லாத கட்டம் எல்லாம் தெரியும். அதை நம்பி ஒபாசிட்டியைக் குறைத்துவிட்டு, பிரிண்ட் வந்ததும் டெக்ஸ்சரைக் காணோமே என்று தேடிய அனுபவம் எனக்கு உண்டு.

அச்சுக்குப் பளபளப்புத் தாள் வேண்டாம், மேட் தாள் கேளுங்கள். சொரசொரப்பான ஓவியத் தாளிலேயே அச்சிடப்போகிறீர்கள் என்றால் வெளியே உள்ள டெக்ஸ்சரை அணைத்துவிடுங்கள், உள்ளே இருப்பதை 20-க்குக் குறையுங்கள். மீதியைத் தாளே பார்த்துக்கொள்ளும். மேட் தாளில் இருட்டான இடங்கள் திரையில் பார்ப்பதைவிட இன்னும் அடைத்தாற்போல வரலாம். முழுப்படத்துக்கு முன்னால் பாட்டி முகம் இருக்கும் பகுதியை மட்டும் வெட்டி, சிறிய துண்டாக அதே தாளில் ஒரு சோதனை பிரிண்ட் எடுங்கள். கண்ணுக்கடி இன்னும் கறுப்பாக இருந்தால் முகம் லேயரின் Output Levels-ஐ இன்னொரு 10 ஏற்றினால் போதும்.