"கலர் ஏத்த முடியாது" என்று மெயில் போட்ட போட்டோகிராஃபர் பேசுகிறேன்

கேள்வி: எங்கள் கல்யாண போட்டோகிராஃபர் எந்த எடிட் செய்வார், எது செய்ய மாட்டார் என்று நீளமாக மெயில் அனுப்பியிருக்கிறார். பணம் கொடுப்பது நாங்கள், கேட்டதைச் செய்து கொடுப்பதுதானே அவர் வேலை?

அந்த மாதிரி மெயிலை அனுப்பியவன் நான். உங்கள் ஆள் நான் இல்லை, பயப்படாதீர்கள். மதுரைப் பக்கம் 14 வருடமாகக் கல்யாணம் எடுக்கிறேன். அவருக்கு வக்காலத்து வாங்கவும் வரவில்லை, அவர் வேலைக்குச் சோம்பல்படுகிறவராகக்கூட இருக்கலாம். ஆனால் சும்மா யாரும் இப்படி மெயில் எழுத உட்கார மாட்டார்கள். உங்களிடமிருந்து முதலில் ஒரு லிஸ்ட் போயிருக்கும். அதில் "பொண்ணு கலரைக் கொஞ்சம் ஏத்துங்க" என்று ஒரு வரி இருந்திருக்கும். இல்லையென்றால் மன்னித்துவிடுங்கள்.

எனக்கு வந்த லிஸ்டில் 23 வரி. அனுப்பியது மாப்பிள்ளை, எழுதியது அவருடைய அக்கா என்று பிறகுதான் தெரிந்தது. முந்தின நாள் மாலை ரிசப்ஷன், மறுநாள் காலை முகூர்த்தம். கழித்தது போக 640 படம் கொடுத்தேன், அதில் ஆல்பத்துக்கு அவர்கள் தேர்ந்தெடுத்தது 118.

என் மெயிலில் முதல் வரியே அந்தக் கணக்குதான். கலர் கரெக்‌ஷன் 640-க்கும் உண்டு, ரீடச்சிங் 118-க்கு மட்டும். ஒரு முகத்தை உட்கார்ந்து ஒழுங்காகப் பார்க்க எனக்குச் சராசரியாக 8 நிமிடம் ஆகும். 118 படம் என்றால் சுமார் 16 மணி நேரம். 640-க்கும் அதைச் செய்தால் 85 மணி நேரம், அதற்குள் எனக்கு அடுத்த முகூர்த்தம் வந்துவிடும். பரு, நெற்றியில் வியர்வைப் பளபளப்பு, கன்னத்தில் சிதறிய குங்குமம், மேடை ஓரத்தில் யாரோ வைத்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டில், இதெல்லாம் கேட்காமலே எடுத்துவிடுவேன் என்று எழுதினேன். மச்சத்தையும் பழைய தழும்பையும் தொட மாட்டேன். அது யார் முகமோ அவரே சொன்னால் எடுப்பேன், நாத்தனார் சொன்னால் கிடையாது. (இந்தக் கடைசி வார்த்தைகளை அனுப்புமுன் அழித்துவிட்டேன்.) குரூப் போட்டோவில் ஒருவர் கண்ணை மூடியிருந்தால் அதைச் சரிசெய்யலாம். ஒவ்வொரு குரூப்பையும் நான்கைந்து தடவை தட்டுவதே அதற்குத்தான், அடுத்த ஃப்ரேமில் திறந்திருக்கும் கண்ணை எடுத்து வைத்துவிடுவேன்.

தகராறு கலரில்தான். மெயிலில் எழுதியதை அப்படியே தருகிறேன்: "வெளிச்சம் ஏற்றுவது வேறு, நிறம் ஏற்றுவது வேறு. வீடியோ லைட் பின்னால் இருந்ததால் முகம் இருட்டாக விழுந்த படங்களில் வெளிச்சத்தை ஏற்றித் தருகிறேன். நேரில் இருக்கும் நிறத்தை மாற்ற மாட்டேன்."

கொள்கைப் பிடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். 2013 வரை நானும் ஏற்றியவன்தான். லைட்ரூம் என்ற எடிட்டிங் சாஃப்ட்வேரில் ஆரஞ்சு நிறத்துக்குத் தனியாக ஒரு கோடு இருக்கிறது, அதை வலது பக்கம் தள்ளினால் முகம் வெளுக்கும். நம் ஊர்த் தோலின் நிறம் பெரும்பாலும் அந்த ஆரஞ்சுக்குள்தான் விழுகிறது. தங்கம், மஞ்சள் கயிறு, சந்தனம், சேலையில் ஜரிகை எல்லாம் அதற்குள்ளோ அதற்குப் பக்கத்திலோதான் கிடக்கின்றன. முகம் வெளுக்கும்போது நகையும் சேர்ந்து வெளுத்துக் கவரிங் மாதிரி ஆகும். சரி, முகத்தை மட்டும் தேர்ந்தெடுத்து வெளுக்கலாமே என்பீர்கள். அதையும் செய்தேன். முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், மருதாணி போட்ட கை வேறொரு நிறம். ஆல்பம் 12-க்கு 36 அங்குல விரிப்பு. போனில் தெரியாதது அந்த அளவில் பளிச்சென்று தெரியும். அப்படி வெளுத்துக் கொடுத்த ஒரு வீட்டில் பெண்ணின் அப்பத்தா தாலி கட்டும் படத்தில் விரலை வைத்து, "இது யாருடா, நம்ம பிள்ளையைக் காணோம்?" என்றார். மூன்று விரிப்பை என் செலவில் மறுபடி பிரிண்ட் போட்டேன்.

இன்னொன்று, கலர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க மாப்பிள்ளை வேட்டியை நம்பக்கூடாது. பட்டு வேட்டி வெள்ளை இல்லை, லேசான சந்தன நிறம். அதை வெள்ளை என்று சாஃப்ட்வேருக்குக் காட்டினால் படம் முழுக்க நீலம் பாய்ந்து, எல்லோரும் நோயாளி மாதிரி ஆகிவிடுவார்கள். மணவறை லைட்டில் ஒரு சாம்பல் அட்டையைப் பிடித்து முதலில் ஒரு படம் எடுத்துக்கொள்வேன், பிறகு அதை வைத்துத்தான் சரிபார்ப்பது.

முடியாதது என்று எழுதியதில் அடுத்தது ரிசப்ஷன். மேடை அலங்காரக்காரர் ஊதா நிற எல்இடி லைட்டை நேராக முகத்தில் அடித்திருந்தார். கேமரா பதிந்ததைக் குறைக்காமல் அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலில் எடுத்தால் எதையும் மீட்கலாம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. மஞ்சள் பல்பு என்றால் மீட்கலாம், ஏனென்றால் அதில் எல்லா நிறமும் கூடக்குறைய இருக்கும். அந்த ஊதா வெளிச்சம் வெறும் சிவப்பும் நீலமும். பச்சை ஏறக்குறைய பூஜ்யம். பதிவாகாத பச்சையை எங்கிருந்து கொண்டுவருவது? இழுத்துப் பார்த்தால் முகம் சாம்பல் பூசியது போலாகிப் புள்ளி புள்ளியாக நிற்கும். DSC_1187 என்ற படத்தை அப்படி இழுத்து மெயிலோடு இணைத்தேன், பக்கத்திலேயே அதன் கறுப்பு வெள்ளையையும் வைத்தேன். அந்த மாதிரி 9 படம். ஃபிளாஷ் போட்டிருக்கலாமே என்று கமென்ட்டில் கேட்பீர்கள். போட்டேன், போட்ட படங்கள் நன்றாக இருக்கின்றன. இந்த 9 படமும் வீடியோக்காரர் ஃபிளாஷ் வேண்டாம் என்று கையைக் காட்டிய கேக் வெட்டும் நேரம்.

கடைசியாக, குரூப் போட்டோவிலிருந்து சித்தப்பா குடும்பத்தை எடுக்கச் சொன்னார்கள். நாலு பேர், நடு வரிசை. ஓரத்தில் போனைத் தூக்கிப் பிடித்த யாரோ ஒருவர் என்றால் வெட்டிவிடலாம். நடுவில் நிற்பவரை எடுத்தால் அவருக்குப் பின்னால் மறைந்திருக்கும் அத்தையின் பாதிச் சேலையை, இன்னொருவரின் தோளை நான் கற்பனையில் வரைய வேண்டும். அவர்கள் இல்லாத வேறு இரண்டு குரூப்பின் எண்களைக் கொடுத்து முடித்துக்கொண்டேன். சொத்துத் தகராறு என்று கேள்வி, அதற்குள் நான் போகவில்லை.

சாப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை. எடிட்டில் 23 வரி கேட்ட அந்த வீட்டில் எங்கள் நாலு பேரையும் கடைசிப் பந்திக்கும் பிறகுதான் கூப்பிட்டார்கள். சாம்பார் தீர்ந்துபோய் ரசம், அப்பளம். காலை நாலரைக்கு வந்தவர்கள் நாங்கள். இது பல கல்யாணங்களில் நடக்கிறது, ஒரு வீட்டைக் குறை சொல்லவில்லை.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். எந்த எடிட்டை அவர் மறுக்கிறாரோ, அதை ஒரே ஒரு படத்தில் செய்து, செய்யாததையும் பக்கத்தில் வைத்து ஆல்பம் அளவில் பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லுங்கள். செலவை நீங்களே கொடுங்கள். முகத்தைப் பார்க்காமல் கையையும் கழுத்தையும் நகையையும் பாருங்கள். அதற்குப் பிறகும் வேண்டும் என்றால் எழுத்தில் கேளுங்கள், வேறு எடிட்டரிடம் கொடுக்க ஃபைலைத் தருகிற ஆட்கள் இருக்கிறார்கள். நான் தருவேன், என் பெயரை மட்டும் ஆல்பத்தில் போட வேண்டாம் என்பேன்.

என் மெயிலுக்கு நாலு நாள் கழித்துப் பெண்ணிடமிருந்துதான் பதில் வந்தது. "அண்ணா, கேக் படம் கறுப்பு வெள்ளையே இருக்கட்டும். கன்னத்து மச்சத்தை எடுக்க வேண்டாம், அதை லிஸ்டில் நான் எழுதவில்லை."